முகமதிப்பை நோக்கி நகரும் விலை: அது வருமானமா, முதலா?

100 ரூபாய் முகமதிப்புள்ள கடன்பத்திரம் ஒன்று சந்தையில் 86 ரூபாய் 58 காசுக்குக் கிடைக்கிறது. பத்தாண்டு கழித்து, அதை வெளியிட்டவர் 100 ரூபாயைத் திருப்பித் தந்துவிடுவார். ஆக, இடைப்பட்ட காலத்தில் ஏதோ ஒரு வழியில் அந்த விலை 100-ஐ வந்தடைந்தே தீர வேண்டும். 113 ரூபாய் 42 காசு கொடுத்து வாங்கிய பத்திரமும் அப்படித்தான். அது இறங்கி 100-க்கு வரும். சந்தையில் இருப்பவர்கள் இதைப் ‘புல் டு பார்’ என்பார்கள். முதிர்வு நாள் நெருங்க நெருங்க விலை முகமதிப்பை நோக்கி இழுபடுகிறது என்பது அதன் பொருள்.

எங்கே போய்ச் சேரும் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. தகராறு எல்லாம் வழியில் கூடிய, அல்லது குறைந்த, அந்த 13 ரூபாய் 42 காசைப் பற்றியது. அது வட்டியா? மூலதன லாபமா? இழந்தது திரும்பி வந்ததா? நூறாண்டுக்கும் மேலாக நீதிமன்றங்கள், கணக்கர்கள், வரித்துறைகள், வங்கி ஒழுங்காற்று அமைப்புகள் ஆகிய எல்லோரும் இதற்கு விடை சொல்லியிருக்கிறார்கள். விடைகள் ஒத்துப்போகவில்லை. ஒவ்வொரு விடையும் யாரோ ஒருவரின் பணத்தை இன்னொருவர் பக்கம் நகர்த்தியிருக்கிறது.

கணக்கு என்ன சொல்கிறது

முதலில் அந்த 86.58 எங்கிருந்து வந்தது என்று பார்த்துவிடலாம். பத்திரம் ஆண்டுக்கு 6 ரூபாய் கூப்பன் வட்டி தருகிறது. சந்தையில் அதே தரத்திலுள்ள பத்தாண்டுப் பத்திரங்களுக்கு இப்போது 8 சதவீதம் கிடைக்கிறது. 6 ரூபாய் தரும் பத்திரத்தை 100 ரூபாய் கொடுத்து யாரும் வாங்க மாட்டார்கள். ஆண்டுதோறும் 2 ரூபாய் வீதம் பத்தாண்டுக்கு விழும் குறையை 8 சதவீத வட்டியில் இன்றைய மதிப்புக்குக் கொண்டுவந்தால் 13 ரூபாய் 42 காசு வரும். அதை 100-இல் கழித்தால் 86.58. தள்ளுபடி என்பது வரப்போகும் குறைந்த கூப்பன்களுக்கு முன்கூட்டியே கொடுக்கப்பட்ட ஈடு. இந்த ஒரு வரியை மறக்காமலிருந்தால் பின்னால் வரும் குழப்பங்களில் பாதி தீரும்.

சந்தை வட்டி 8 சதவீதத்திலேயே நின்றது என்று வைத்துக்கொள்வோம். ஓராண்டில் 86.58-க்கு 8 சதவீதம் என்றால் 6 ரூபாய் 93 காசு. கூப்பனாகக் கைக்கு வருவது 6 ரூபாய். மீதி 93 காசு விலையில் ஏறி, பத்திரம் 87.51 ஆகிறது. அடுத்த ஆண்டு 8 சதவீதம் கணக்கிடப்படுவது 87.51-க்கு என்பதால் ஏற்றம் சரியாக ஒரு ரூபாயாகிறது. ஐந்தாண்டு மிச்சமிருக்கும்போது விலை 92.01. ஓராண்டு மிச்சமிருக்கும்போது 98.15. கடைசி ஆண்டின் ஏற்றம் 1 ரூபாய் 85 காசு, அதாவது முதல் ஆண்டைப் போல் இரு மடங்கு. 10 சதவீதக் கூப்பன் தரும் பத்திரம் இதன் கண்ணாடிப் பிம்பம்: 113.42-இல் தொடங்கி முதல் ஆண்டில் 93 காசும் கடைசி ஆண்டில் 1 ரூபாய் 85 காசும் இறங்கும். இரண்டு பத்திரங்களிலும் வாங்கியவருக்குக் கிடைப்பது ஆண்டுக்கு அதே 8 சதவீதம்தான். தள்ளுபடியில் வாங்கினால் லாபம், பிரீமியத்தில் வாங்கினால் நஷ்டம் என்ற பொதுவான எண்ணத்துக்கு இந்தக் கணக்கில் ஆதாரமில்லை.

ஆனால் சந்தை வட்டி நின்ற இடத்தில் நிற்பதில்லை. முதல் ஆண்டின் முடிவில் அது 9 சதவீதமாகிவிட்டால் பத்திரம் 87.51-இல் இருக்காது, 82.01-இல் இருக்கும். 93 காசு ஈர்ப்பு, 5 ரூபாய் 50 காசு சரிவில் மூழ்கிப்போகிறது. இதே வட்டி உயர்வு ஆயுளின் பிற்பகுதியில் வந்தால் கதை வேறு. மூன்றாண்டு மிச்சமிருக்கையில் விலை 94.85, அடுத்த ஓராண்டில் வட்டி 8-லிருந்து 9-க்கு ஏறினால் விலை 94.72. ஈர்ப்பும் சரிவும் ஏறக்குறையச் சமம். கடைசி ஆண்டில் வட்டி என்ன ஆனாலும், தவணை தவறாதவரை, 100-தான். இந்த வகைப் பத்திரத்துக்கு முகமதிப்பின் இழுப்பு உண்மையில் கண்ணுக்குத் தெரிவது கடைசி இரண்டு மூன்று ஆண்டுகளில்தான். அதற்கு முன்பு விலைப்படத்தில் அதைத் தேடுபவருக்குப் பெரும்பாலும் வட்டியின் ஏற்ற இறக்கமே தெரியும்.

பாதை ஒரே திசையில் போகும் என்ற உத்தரவாதமும் கிடையாது. குறுகிய காலத்துக்குக் குறைந்த வட்டியும் நீண்ட காலத்துக்குக் கூடுதல் வட்டியும் நிலவும் சாதாரண நாட்களை எடுத்துக்கொள்வோம். 7 சதவீத ஐந்தாண்டுப் பத்திரத்தைச் சரியாக 100 ரூபாய்க்கு வாங்குகிறோம். இரண்டாண்டு கழித்து அது மூன்றாண்டுப் பத்திரம். மூன்றாண்டு வட்டி அப்போது 6.5 சதவீதம் என்றால் அதன் விலை 101.32. முகமதிப்பில் பிறந்த பத்திரம் முகமதிப்பை விட்டு விலகி, பிறகு அதற்கே திரும்புகிறது. எந்தச் செய்தியும் இல்லாமல், காலம் நகர்ந்ததாலேயே இது நடக்கிறது.

விதவைக்கா, பிள்ளைகளுக்கா

இந்தக் கேள்விக்கு ஆரம்பத்திலேயே கூர்மையான வடிவம் தந்தவை அமெரிக்காவின் அறக்கட்டளை வழக்குகள் என்று சொல்லலாம். ஒருவர் தன் சொத்தை அறக்கட்டளையில் விட்டுச் செல்கிறார். அதன் வருமானம் மனைவிக்கு அவர் ஆயுள் உள்ளவரை. முதல் பிறகு பிள்ளைகளுக்கு. அறங்காவலர் 113.42 கொடுத்து 10 சதவீதப் பத்திரத்தை வாங்குகிறார். ஆண்டுதோறும் வரும் 10 ரூபாய் முழுவதையும் விதவைக்குக் கொடுத்துவிட்டால் முதிர்வில் பிள்ளைகளுக்கு 100 ரூபாய்தான் மிஞ்சும். அவர்களுடைய 13 ரூபாய் 42 காசு அம்மாவின் கூப்பனுக்குள் கரைந்து போயிருக்கும்.

மாசசூசெட்ஸ் உச்ச நீதிமன்றம் 1886-இல் நியூ இங்கிலாந்து டிரஸ்ட் கம்பெனி – ஈட்டன் வழக்கில், பிரீமியத்தை ஈடுகட்டும் அளவுக்கு வருமானத்தில் ஒரு பகுதியை அறங்காவலர் பிடித்து வைக்கலாம் என்று தீர்ப்பளித்தது. பின்னாளில் அமெரிக்க உச்ச நீதிமன்றத்துக்குப் போன ஆலிவர் வெண்டல் ஹோம்ஸ் அதற்கு மாறுபட்டு நின்றார். பெரும்பான்மையின் தர்க்கம் மேலே பார்த்த கணக்கோடு பொருந்துகிறது: முதல் ஆண்டில் விதவையின் உண்மையான வருமானம் 113.42-க்கு 8 சதவீதம், அதாவது 9 ரூபாய் 7 காசு. மீதி 93 காசு வருமானமே அல்ல, திரும்பி வரும் முதல்.

தள்ளுபடிப் பத்திரத்தில் இதே தர்க்கத்தை மறுபக்கம் திருப்பினால் சிக்கல் வருகிறது. 86.58-க்கு வாங்கிய பத்திரத்தில் விதவையின் வருமானம் முதல் ஆண்டில் 6 ரூபாய் 93 காசு. கையில் வந்திருப்பதோ 6 ரூபாய். மீதி 93 காசை எங்கிருந்து எடுத்துக் கொடுப்பது? விலையில் ஏறியதாகக் கணக்கில் மட்டுமே இருக்கும் பணத்தை விதவையின் கையில் வைக்க முடியாது. அமெரிக்க மாநிலங்களுக்கான மாதிரிச் சட்டமாக 1931-இல் வந்த முதல்–வருமானச் சட்டம் இந்த விவகாரத்தையே வேண்டாமென்று ஒதுக்கியது: பிரீமியத்தைக் கழிக்கவும் வேண்டாம், தள்ளுபடியைக் கூட்டவும் வேண்டாம், கூப்பன் வருமானம், மற்றதெல்லாம் முதல். நடைமுறைக்கு எளிதான விதிதான். ஆனால் அதன் கீழ் எந்தப் பத்திரத்தை வாங்குவது என்ற அறங்காவலரின் முடிவே விதவைக்கும் பிள்ளைகளுக்கும் இடையே பணத்தைப் பங்கிட்டுவிடுகிறது. அதிகக் கூப்பன் பத்திரம் விதவைக்குச் சாதகம், குறைந்த கூப்பன் பத்திரம் பிள்ளைகளுக்குச் சாதகம். இரண்டும் ஒரே 8 சதவீதத்தைத்தான் தருகின்றன என்பதை அந்த விதி பார்ப்பதேயில்லை.

நேர்கோடா, வளைகோடா

விலையின் நகர்வை ஆண்டுதோறும் கணக்கில் எழுதத்தான் வேண்டும் என்று ஒப்புக்கொண்டவர்களிடையே அடுத்த சண்டை: எப்படி எழுதுவது? 13 ரூபாய் 42 காசைப் பத்தால் வகுத்து ஆண்டுக்கு 1 ரூபாய் 34 காசு என்று எழுதலாம். அது நேர்கோடு. அல்லது மேலே செய்தது போல் 93 காசில் தொடங்கி 1 ரூபாய் 85 காசில் முடியலாம். அது கூட்டுவட்டி வழி.

நியூயார்க்கின் யூனியன் டைம் சேமிப்பு வங்கியின் தலைவராக இருந்த சார்லஸ் எஸ்ரா ஸ்ப்ரேக் இரண்டாவது வழிக்காக வாதாடியவர்களில் முக்கியமானவர். 1904-இல் அவர் முதலீட்டுக் கணக்கியல் பற்றி ஒரு நூல் எழுதினார். மறு ஆண்டே விரிவான பத்திர விலை அட்டவணைகளை வெளியிட்டார். கையால் கணக்குப் போட்ட காலத்தில் நேர்கோட்டுக்குப் பெரிய கவர்ச்சி இருந்தது. ஸ்ப்ரேக்கின் அட்டவணைகள் அந்தக் கவர்ச்சியைக் குறைக்க உதவின. சாதாரணக் கூப்பன் பத்திரத்தில் இரண்டு வழிகளுக்கும் வித்தியாசம் ஆண்டுக்கு அரை ரூபாய் அளவுக்குள்தான் என்பதால், நேர்கோட்டை விட்டுவிட யாருக்கும் அவசரமில்லை.

அவசரம் வந்தது 1980-களின் தொடக்கத்தில். அமெரிக்க வரிச் சட்டம், 1969-இலிருந்து, நிறுவனங்கள் தள்ளுபடியில் வெளியிடும் பத்திரங்களுக்கு நேர்கோட்டையே விதித்திருந்தது. வட்டி இரட்டை இலக்கத்துக்கு ஏறியதும் அந்த விதியின் ஓட்டை பெரிதாகிவிட்டது. கூப்பனே இல்லாத முப்பதாண்டுப் பத்திரம் ஒன்றை எண்ணிப் பாருங்கள். வட்டி 14 சதவீதம் என்றால் 100 முகமதிப்புக்கு அதன் விலை 1.96 மட்டுமே. முதல் ஆண்டில் அதன் மேல் உண்மையாக ஏறும் வட்டி 0.27. நேர்கோட்டின்படியோ ஆண்டுக்கு 3.27. கடனாக வாங்கியதே 1.96, அதற்கு முதல் ஆண்டு வட்டிச் செலவாக 3.27-ஐ வரியில் கழித்துக்கொள்ளலாம்! உண்மைச் செலவைப் போல் பன்னிரண்டு மடங்கு, வாங்கிய கடனைவிடவும் அதிகம். 1981-இல் ஜே. சி. பென்னி நிறுவனம் பொதுச் சந்தையில் கூப்பனில்லாப் பத்திரத்தை வெளியிட்டது. வேறு பல நிறுவனங்கள் பின்தொடர்ந்தன. 1982-இல் வரிச் சட்டம் திருத்தப்பட்டு கூட்டுவட்டி வழி கட்டாயமானது. நேர்கோடு ஒரு தோராயம் என்பதை எல்லோரும் அறிந்திருந்தார்கள். அந்தத் தோராயத்தை ஒரு பண்டமாக்கி விற்க முடியும் என்பதை நிறுவனங்கள் காட்டிக் கொடுத்தன.

கூட்டுவட்டி வழிக்கும் ஒரு பலவீனம் உண்டு. அதைக் காட்ட இந்தியாவிலேயே உதாரணம் இருக்கிறது. சர்தார் சரோவர் நர்மதா நிகம் 1993-இல் வெளியிட்ட பெருந்தள்ளுபடிப் பத்திரத்தின் விலை 3,600 ரூபாய். 2014 ஜனவரியில் அதற்கு 1,11,000 ரூபாய் என்பது வாக்குறுதி. இருபதாண்டுக்கு இது ஆண்டுக்குச் சுமார் 18.7 சதவீதக் கூட்டுவட்டி. 2008-இல் குஜராத் சட்டமன்றம் ஒரு சட்டத்தை நிறைவேற்றி, முன்கூட்டியே திருப்பித் தரும் அதிகாரத்தை நிறுவனத்துக்கு வழங்கியது. 2009 ஜனவரியில் 50,000 ரூபாய் கொடுத்துக் கணக்கை முடிப்பது என்றானது.

கணக்குப் புத்தகத்தின்படி இதில் குறையே இல்லை. 3,600 ரூபாய் 18.7 சதவீதத்தில் பதினைந்தாண்டு வளர்ந்தால் ஏறத்தாழ 47,000. கொடுத்ததோ 50,000. அப்படியானால் முதலீட்டாளர்கள் ஏன் கொதித்தார்கள்? 2009-இல் 18 சதவீதம் தரும் பத்திரம் எங்கும் கிடைக்கவில்லை என்பதால். அடுத்த ஐந்தாண்டில் 50,000 ரூபாய் 1,11,000 ஆக வேண்டியிருந்தது. அது ஆண்டுக்கு 17 சதவீதத்துக்கும் மேல். 9 சதவீதச் சந்தை வட்டியை வைத்துப் பார்த்தால், ஐந்தாண்டு கழித்து வரும் 1,11,000-இன் அன்றைய மதிப்பு சுமார் 72,000. புத்தகத்தின் வளைகோடு, பத்திரம் பிறந்த நாளின் வட்டியை ஆயுள் முழுவதும் சுமந்துகொண்டு போகிறது. சந்தையின் பாதைக்கு அந்தக் கடமை இல்லை. இரண்டும் முதிர்வு நாளில்தான் சந்திக்கும். நடுவழியில் ஒருவரை இறக்கிவிட்டால் எந்தப் பாதையில் இருந்தார் என்பது பெரிய தொகையாகிறது. பெருந்தள்ளுபடிப் பத்திரத்தில் ரூபாய்க் கணக்கில் பெரிய ஏற்றம் கடைசி ஆண்டுகளில்தான் வருகிறது. வெட்டப்பட்டதும் அந்தப் பகுதிதான்.

வரித்துறை வைக்கும் பெயர்

வரித்துறைக்கு இது தத்துவக் கேள்வி அல்ல. நகர்வை வட்டி என்று அழைத்தால் ஒரு வரி, மூலதன லாபம் என்றால் வேறு வரி. இங்கிலாந்தில் தனிநபர்களுக்கு அரசுப் பத்திரங்களின் மூலதன லாபத்துக்கு வரியே கிடையாது. கூப்பனுக்கு மட்டும் உண்டு. 0.125 சதவீதக் கூப்பனுடன் 2028 ஜனவரியில் முதிரும் அரசுப் பத்திரம் போன்றவை வட்டி அடிமட்டத்தில் கிடந்த காலத்தில் பிறந்தவை; பிறகு வட்டி உயர்ந்ததும் ஆழ்ந்த தள்ளுபடிக்குப் போயின. ஓராண்டு மிச்சமுள்ள அத்தகைய பத்திரம் 4 சதவீதம் தருகிறது என்றால் விலை ஏறக்குறைய 96.27. வருமானத்தில் அநேகமாக முழுவதும் முகமதிப்பின் இழுப்பால் வருவது, ஆகவே வரியில்லாதது. 40 சதவீத வரி கட்டுபவர் வங்கி வைப்பில் இதே நிகர வருமானம் பெற வைப்புக்கு 6.6 சதவீதம் அளவுக்கு வட்டி கிடைக்க வேண்டும். மேல்தட்டு வரி கட்டுவோர் இத்தகைய பத்திரங்களைத் தேடிப் போவதில் வியப்பில்லை. தள்ளுபடிப் பத்திரமும் பிரீமியப் பத்திரமும் ஒரே 8 சதவீதம்தான் என்ற முதல் கணக்கு, வரி வந்ததும் உடைகிறது. வைத்த பெயர் விலையையே தொடுகிறது.

இந்தியாவின் விடை வேறு. ஐ.டி.பி.ஐ. 1992-இல் 2,700 ரூபாய்க்கு வெளியிட்டு, 25 ஆண்டில் ஒரு லட்சம் என்று சொன்ன பத்திரம் போன்றவை பரவியபோது, ஆண்டுதோறும் எதுவும் கைக்கு வராத நிலையில் எப்போது, எதற்கு வரி என்ற கேள்வி எழுந்தது. மத்திய நேரடி வரிகள் வாரியம் 2002 பிப்ரவரியில் ஒரு சுற்றறிக்கையில், அதன்பின் வெளிவரும் பெருந்தள்ளுபடிப் பத்திரங்களை ஒவ்வொரு நிதியாண்டின் இறுதியிலும் சந்தை விலைக்கு மதிப்பிட்டு, அந்த ஆண்டின் ஏற்றத்தை வருமானமாகக் காட்ட வேண்டும் என்றது. ஒரு லட்சம் ரூபாய் முகமதிப்பு வரை வைத்திருக்கும் சிறு முதலீட்டாளர்கள் மட்டும் விரும்பினால் முதிர்வில் வரி கட்டலாம். கொள்கை அளவில் நேர்மையான விடை. ஆனால் சந்தை விலையை அளவுகோலாக்கியதால், வட்டி குறைந்ததால் வந்த ஏற்றமும் காலம் நகர்ந்ததால் வந்த ஏற்றமும் ஒன்றாகக் கலந்துவிட்டன. கைக்கு வராத பணத்துக்கு வரி என்ற பழைய மனக்குறையும் தீரவில்லை.

அமெரிக்கா மூன்றாவது வழியில் போனது. வெளியீட்டிலேயே உள்ள தள்ளுபடி ஆண்டுதோறும் வட்டி வருமானம். பின்னர் சந்தையில் உருவான தள்ளுபடியும், 1984-க்குப் பின் வெளியான பத்திரங்களில், மூலதன லாபம் ஆகாது. ஆனால் அதற்கான வரியை விற்கும்வரை அல்லது முதிர்வுவரை தள்ளிப்போடலாம். 1993-இல் பழைய பத்திரங்களுக்கும் இதே விதி வந்தது. மூன்று விடைகளில் கணக்கோடு அதிகம் ஒத்துப்போவது இதுதான் என்று தோன்றுகிறது, விதிகளின் சிக்கலைப் பொறுத்துக்கொள்ள முடிந்தால்.

“முதிர்வுவரை வைத்திருந்தால் நஷ்டமில்லை”

வங்கியாளர்களின் விடைதான் இன்று அதிகம் கேட்கக் கிடைப்பது, அதிகம் ஆபத்தானதும்கூட. 100 ரூபாய்க்கு வாங்கிய 6 சதவீதப் பத்திரம், சந்தை வட்டி 8 சதவீதமானதால் 86.58 ஆகிவிட்டது. விற்கப்போவதில்லை; முதிர்வில் 100 வந்துவிடும். ஆகவே இந்த 13 ரூபாய் 42 காசு வெறும் காகித நஷ்டம், காலம் அதைத் துடைத்துவிடும் என்பது வாதம். ‘முதிர்வுவரை வைத்திருப்பது’ என்ற கணக்கு வகையே இந்த வாதத்தின் மேல்தான் நிற்கிறது.

வாதத்தின் பாதி சரி. 100 ரூபாய் வந்துவிடும். ஆனால் இடையில் பத்தாண்டுக்கு, சந்தையில் 8 ரூபாய் கிடைக்கும்போது வங்கி 6 ரூபாய் வாங்கிக்கொண்டிருக்கும். அந்த 2 ரூபாய்க் குறைகளின் இன்றைய மதிப்பு 13 ரூபாய் 42 காசு என்பதை முதல் பகுதியிலேயே கண்டோம். நஷ்டம் மறையவில்லை. ஒரே நாளில் காட்ட வேண்டியது பத்து தவணைகளாகக் காட்டப்படுகிறது, அவ்வளவே. வைப்புதாரர்களுக்கு 5 சதவீதம் கொடுத்துக்கொண்டிருந்த வங்கிக்கு அந்தப் பத்திரத்தில் ஒரு ரூபாய் லாபம். வைப்பு வட்டி 7 சதவீதத்துக்கு ஏறியதும் ஆண்டுக்கு ஒரு ரூபாய் நஷ்டம். முகமதிப்பின் இழுப்பு இந்த ஓட்டையை அடைப்பதில்லை.

வைப்பு வட்டியை ஏற்றாமல் தாக்குப்பிடிக்கும் வங்கிக்கு வாதம் ஓரளவு செல்லும். நிலையான, வட்டியைப் பொருட்படுத்தாத வைப்புகள் இருந்தால் பத்திரத்தில் இழந்ததை வைப்பில் ஈட்டலாம். சிலிக்கான் வேலி வங்கியிடம் இல்லாமல்போனது அதுதான். 2022 இறுதியில் அதன் ‘முதிர்வுவரை’ வகைப் பத்திரங்கள் சுமார் 91 பில்லியன் டாலர்; அவற்றின் சந்தை மதிப்பு அதைவிடச் சுமார் 15 பில்லியன் குறைவு. வங்கியின் மொத்தச் சொந்த மூலதனமே ஏறத்தாழ 16 பில்லியன். 2023 மார்ச் 8 அன்று வேறு வகையிலிருந்த 21 பில்லியன் அளவு பத்திரங்களை விற்று 1.8 பில்லியன் நஷ்டம் என்று அறிவித்தது. மறுநாள் 42 பில்லியன் டாலர் வைப்புகள் வெளியேறின. மார்ச் 10 அன்று வங்கி மூடப்பட்டது. பத்திரங்களில் பெரும்பாலானவை அமெரிக்க அரசின் உத்தரவாதம் பெற்றவை. முதிர்வில் 100 வருவதில் ஐயமே இல்லை. முதிர்வுவரை காத்திருக்க வங்கிக்குத்தான் ஆயுள் இருக்கவில்லை.

இரண்டு நாளில் அமெரிக்க ஃபெடரல் ரிசர்வ் எடுத்த நடவடிக்கை நமது கேள்விக்கு நேரடியானது. தகுதியுள்ள பத்திரங்களை அடகாகக் கொண்டு ஓராண்டு வரை வங்கிகளுக்குக் கடன். அடகின் மதிப்பு சந்தை விலையில் அல்ல, முகமதிப்பில். 86 ரூபாய் பெறும் பத்திரத்தை 100 ரூபாயாகவே ஏற்றுக்கொண்டார்கள். பல ஆண்டு இழுப்பை ஒரு நாளுக்குள் மத்திய வங்கி செய்துகாட்டியது எனலாம். ஓட்டத்தை நிறுத்தியதில் இதற்குப் பங்கு இருந்திருக்க வேண்டும். வட்டி அபாயத்தை அலட்சியம் செய்தவர்களுக்கும் அதே சலுகை போய்ச் சேர்ந்தது என்ற விமர்சனத்தையும் ஒதுக்க முடியாது.

இந்திய ரிசர்வ் வங்கியின் பழைய விதி வேறு வகையான எச்சரிக்கையைக் காட்டியது. ‘முதிர்வுவரை’ வகையில், முகமதிப்புக்கு மேல் கொடுத்த பிரீமியத்தை மிச்சமுள்ள காலத்தில் கழித்துவர வேண்டும்; தள்ளுபடியைக் கூட்டிவர வேண்டியதில்லை. இறங்கும் பாதை புத்தகத்தில் உண்டு, ஏறும் பாதை இல்லை. லாபத்தை மிகைப்படுத்தாமல் தடுக்கும் நோக்கம் புரிகிறது. விளைவாக, தள்ளுபடியில் வாங்கிய பத்திரம் ஆண்டுதோறும் குறைந்த வருமானத்தைக் காட்டி, முதிர்ந்த ஆண்டில் திடீர் லாபத்தைக் காட்டும். 2023 செப்டம்பரில் வெளியாகி 2024 ஏப்ரல் 1-இல் அமலுக்கு வந்த புதிய விதிகள் இரண்டு பக்கத்தையும் ஒன்றாக்கின: பிரீமியமும் தள்ளுபடியும் மிச்ச ஆயுளில் பரவ வேண்டும். மாசசூசெட்ஸ் நீதிமன்றம் பாதி தூரம் நடந்த அதே தர்க்கம் இங்கே முழுமையாகியிருக்கிறது.

சந்தை விலையை வரையும் முயற்சிகள்

கணிதவியலாளர்களுக்கு இந்த இழுப்பு வேறு விதத்தில் தலைவலியாயிற்று. 1973-இல் வந்த பிளாக்–ஷோல்ஸ் சூத்திரம் பங்கு விலையின் ஏற்ற இறக்க வேகம் மாறாதது என்று கொள்கிறது. பத்திரத்துக்கு அது பொருந்தாது. முதிர்வு நெருங்க நெருங்க அதன் அலைச்சல் ஒடுங்கி இல்லாமலாகிறது. 1983-இல் பால், டோரஸ் என்ற இரு ஆய்வாளர்கள், இரு முனையும் கட்டப்பட்ட தற்செயல் பாதையாக, அதாவது பிரௌனியப் பாலமாக, பத்திர விலையை வரைந்தார்கள். முடிவில் 100-ஐத் தொடும் என்பது உறுதி. ஆனால் வழியில் விலை எவ்வளவும் ஏறலாம், வட்டி பூஜ்யத்துக்கும் கீழே போகலாம். இழுப்பை வெளியிலிருந்து திணித்ததன் விலை அது. பின்னர் நிலைபெற்ற மாதிரிகள் விலையை விட்டு வட்டியின் நடத்தையையே வரைந்தன. வாசிசெக் 1977-இலேயே அந்த வழியைத் தொடங்கியிருந்தார். வட்டியை வரைந்தால் முகமதிப்பை நோக்கிய நகர்வு தானாக வந்துவிடுகிறது. இது ஒரு தனி விசை அல்ல, வட்டிக் கணக்கின் நிழல் என்ற முடிவுக்கு இதைவிட வலுவான சான்று தேட வேண்டியதில்லை.

முடிந்தவையும் முடியாதவையும்

கணக்கைப் பொறுத்தவரை கேள்வி ஏறக்குறைய முடிந்துவிட்டது. விலையின் நகர்வு, வாங்கிய நாளின் வட்டியோடு கூப்பனைச் சரிக்கட்டும் பாக்கித் தொகை. பொருளாதார நோக்கில் அது வருமானத்தின் ஒரு பகுதி, பிரீமியத்தில் எதிர்மறையான பகுதி. கூட்டுவட்டி வளைகோடு நேர்கோட்டை வென்றுவிட்டது. வரியில் ஒருமித்த விடை இல்லை. இங்கிலாந்தின் விலக்கு ஒரு கொள்கைத் தேர்வு, கணக்கின் கட்டளை அல்ல. வங்கிகளின் ‘முதிர்வுவரை’ வகை நீடிக்க வேண்டுமா என்பதில் சிலிக்கான் வேலிக்குப் பிறகும் கருத்து பிளவுபட்டே இருக்கிறது. அந்த வகையை ஒழிப்பதைவிட, அதில் வைக்கும் பத்திரங்களின் ஆயுளை வைப்புகள் எவ்வளவு காலம் நிற்கும் என்பதோடு கட்டுவதே அதிகப் பொருத்தமென்று இக்கட்டுரை கருதுகிறது. ஆனால் வைப்புகள் எவ்வளவு காலம் நிற்கும் என்பதை நம்பகமாக அளக்கும் வழி இன்னும் கைக்கு வரவில்லை.

இதுவரை பேசியதெல்லாம் ஒரு நிபந்தனைக்கு உட்பட்டது: கடன் வாங்கியவர் கொடுக்க வேண்டும். இலங்கை அரசின் இரண்டு டாலர் பத்திரங்கள் 2022-இல் முதிர இருந்தன. இரண்டின் கூப்பனும் ஏறக்குறைய ஒன்றே: ஒன்று 5.75 சதவீதம், மற்றது 5.875 சதவீதம். ஜனவரி 18 அன்று முதிர்ந்த 500 மில்லியன் டாலர் பத்திரம் முழுமையாகத் திருப்பித் தரப்பட்டது. தள்ளுபடியில் வாங்கி வைத்திருந்தவர்கள் 100-ஐப் பெற்றார்கள். ஏப்ரல் 12 அன்று அரசு வெளிநாட்டுக் கடன் தவணைகளை நிறுத்தியது. ஜூலை 25 அன்று முதிர இருந்த ஒரு பில்லியன் டாலர் பத்திரத்துக்குப் பணம் வரவில்லை. இத்தகைய நிலையில் விலை இழுபடுவது முகமதிப்பை நோக்கி அல்ல, பேச்சுவார்த்தையில் எவ்வளவு மீளும் என்ற மதிப்பீட்டை நோக்கி. அதனால்தான் தவணை தவறிய ஒரே நாட்டின் பத்திரங்கள், முதிர்வும் கூப்பனும் எவ்வளவு வேறுபட்டாலும், நெருங்கிய விலைகளில் கூடிவிடுகின்றன. அந்த விலைக்கு முன்கூட்டி எழுதிய தேதியோ தொகையோ கிடையாது. 2024 டிசம்பரில் இலங்கையின் பத்திரப் பரிமாற்றம் முடிந்தபோது, பழைய பத்திரங்களை வைத்திருந்தவர்களில் பெரும்பாலோருக்குக் கிடைத்தவை வேறு முதிர்வுத் தேதிகள் கொண்ட புதிய பத்திரங்கள்.